எட்டு வினாடியில் எத்தனை எழுத்து?

தமிழ் விவரணை ஆங்கிலத்தைவிட நீளும் என்பது இத்துறையில் யாரும் மறுக்காத கூற்று. மறுப்பவர் இல்லாததாலேயே அதைச் சோதித்துப் பார்த்தவரும் குறைவு. எவ்வளவு நீள்கிறது, அந்த நீளத்தில் மொழிக்கு எவ்வளவு பங்கு, எழுதியவருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் கேட்டால் பெரும்பாலான மொழிபெயர்ப்பாளர்கள் ‘தமிழ் அப்படித்தான்’ என்று முடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பிரிவினையைச் செய்து பார்ப்பதே இங்கே நோக்கம்.

களமாக நான் எடுத்துக்கொள்வது பாதுகாப்புப் படம். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலோ புதிதாக வேலைக்குச் சேர்பவரை முதல் நாள் உட்காரவைத்துக் காட்டும் ஒன்றரை நிமிடப் படங்கள் அவை. பெரும்பாலும் படம் ஆங்கிலக் குரலுக்கு ஏற்ப வெட்டி முடிக்கப்பட்டிருக்கும். தமிழ்க் குரல் பிறகு ஏற்றப்படும். காட்சியின் நீளத்தை மாற்ற வழியில்லை, அல்லது மாற்றப் பணமில்லை. இதற்கு முன்னோடிகள் உண்டு. 1948-இல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன் ஒரே படத்துக்குப் பல மொழிக் குரல் ஏற்றித் திரையரங்குகளுக்கு அனுப்பியது. டெல்லியிலிருந்து ஒலிபரப்பான ஆகாசவாணித் தமிழ்ச் செய்தி, ஆங்கில மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டியிருந்தது. பூர்ணம் விஸ்வநாதனும் சரோஜ் நாராயணசுவாமியும் பெயர் பெற்ற பள்ளி அது. ஆனால் செய்தியில் ஒரு வாக்கியம் மூன்று வினாடி தள்ளி விழுந்தால் கேட்பவருக்கு நட்டமில்லை. பிரஸ் முன்னால் நிற்பவருக்கான படத்தில் அப்படி இல்லை. அதனால் அளவுகோலைக் கறாராக வைத்துப் பார்க்க இந்தக் களம் பொருத்தமானது.

எந்த நிறுவனத்தின் படத்தையும் குறிவைக்காமல், இவ்வகைப் படங்களின் நடையில் நானே ஒரு மாதிரியை எழுதிக்கொள்கிறேன். ஆங்கில மூலம் சொல்வது இது: பிரஸ்ஸில் சிக்கியதை எடுக்கப் போகும் முன் பிரஸ்ஸை நிறுத்த வேண்டும்; மெயினைப் பூட்ட வேண்டும்; தன் டேக்கை மாட்ட வேண்டும்; சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் இதை 20 சொல்லில் சொல்லிவிடலாம். நிமிடத்துக்கு 150 சொல் என்பது ஆங்கில விவரணையின் வழக்கமான வேகம். ஆகவே காட்சி 8 வினாடி.

இதற்கு வழக்கமாக எழுதப்படும் தமிழ் இப்படி இருக்கும்:

‘இயந்திரத்தில் ஏற்பட்டுள்ள அடைப்பினை அகற்றும் பணியினை மேற்கொள்வதற்கு முன்பாக இயந்திரத்தின் இயக்கம் நிறுத்தப்பட்டு, பிரதான மின் இணைப்பு பூட்டப்பட்டு, தங்களது பெயர் அட்டை பொருத்தப்பட வேண்டும். சாவியினைத் தாங்களே வைத்துக்கொள்ள வேண்டும்.’

பிழையற்ற தமிழ். இலக்கணத்தில் குறை காண முடியாது. ஒப்புதல் தரும் மேலாளருக்கும் இதன் தோரணை பிடிக்கும். சொல்லை எண்ணிப் பார்த்தாலும் அச்சமில்லை: 23 சொல். ஆங்கிலத்தைவிட மூன்றுதான் அதிகம். தயாரிப்பாளர் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு ‘பொருந்தும்’ என்று கையெழுத்துப் போடுவார். ரெக்கார்டிங் அறையில் குரல் கொடுப்பவர் படித்து முடிக்கும்போது ஏறத்தாழ 15 வினாடி ஓடியிருக்கும்.

கோளாறு அளவுகோலில் இருக்கிறது. ஆங்கிலத்தில் சொல் ஓரளவு நம்பத்தக்க நாணயம். அதன் மதிப்பு அதிகம் ஏறி இறங்குவதில்லை. தமிழில் ‘முன்’ என்பதும் ஒரு சொல், ‘மேற்கொள்வதற்கு’ என்பதும் ஒரு சொல். வேற்றுமை, காலம், இடம், எண் எல்லாம் சொல்லுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும் மொழியில் சொற்கணக்கு நேரத்தைக் காட்டாது. நிமிடத்துக்கு 100 தமிழ்ச் சொல் என்று பரவலாக வைத்துக்கொள்ளும் வரம்பும் இதே காரணத்தால் அரைகுறையானது. எளிய நடை அதை எளிதாகத் தாண்டும். அலுவலக நடை அதை எட்டாது.

நமக்குச் சொந்தமான வேறோர் அலகு உண்டு, அதுவும் பழையது. கட்டளைக் கலித்துறையில் எழுதியவர்கள் ஒற்றை நீக்கி எழுத்தை எண்ணினார்கள்: நேரசையில் தொடங்கும் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17. அபிராமி அந்தாதி முழுவதும் அந்தக் கணக்குக்குள் நிற்கிறது. புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணினால் வாய் எத்தனை முறை திறக்கிறது என்பது தெரிந்துவிடும். நிறுத்தி நிதானமாகச் சொல்லும் குரலுக்கு வினாடிக்கு ஐந்து அல்லது ஆறு எழுத்து வரும். நான் ஐந்தரை என்று வைத்துக்கொள்கிறேன். கைபேசியில் நேரம் வைத்து எவரும் சரிபார்க்கலாம். இந்த அலகும் துல்லியமானதன்று. ஒற்றுக்கு அரை மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று இலக்கணம் சொல்லும் வேறுபாட்டை அது சமன்செய்துவிடுகிறது. வல்லொற்று அடர்ந்த வாக்கியம் கணக்கைவிடச் சற்று இழுக்கும். ஆனாலும் மாத்திரை மாத்திரையாக எண்ணிக்கொண்டிருப்பதற்கு ஸ்டுடியோவில் யாருக்கும் பொழுதில்லை. சொற்கணக்கோடு ஒப்பிட்டால் இதன் பிழை சிறிது.

இந்த அலகில் மேற்கண்ட மாதிரி 81 எழுத்து. 8 வினாடிக் காட்சி தாங்குவது 44. ஏறக்குறைய இரண்டு மடங்கு.

நீளம் பாதிக் குற்றம்தான். மறுபாதி, சொல் விழும் இடம். ஆங்கில ஏவலில் வினை முதலில் வரும். ஆகவே படத்தைத் தொகுத்தவர் காட்சி தொடங்கிய கையோடு சிவப்புப் பொத்தானை அழுத்தும் கையைக் காட்டியிருப்பார். தமிழில் வினை கடைசி. மாதிரியில் ‘நிறுத்தப்பட்டு’ முடிவது 41-ஆவது எழுத்தில், அதாவது ஏழரை வினாடியில். அப்போது திரையில் சாவி சட்டைப்பைக்குள் போய்க்கொண்டிருக்கும். நிறுத்து என்று காது கேட்கும்போது கண் சாவியைப் பார்க்கிறது. பூட்டு என்று கேட்கும்போது அடுத்த காட்சியே வந்துவிட்டது. படமும் குரலும் தனித்தனியே சரி, சேர்ந்தால் தவறு. இதை எழுத்துப்படியில் பார்க்க முடியாது. குரலைப் படத்தோடு ஓட்டி, ஒவ்வொரு வினையும் விழும் கணத்தில் படத்தை நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒப்புதல் தரும் வழக்கமே இவ்வகைப் படங்களின் முதன்மையான முறைக்குறை என்பேன்.

நீளம் தெரிந்தபின் செய்யப்படும் முதல் வைத்தியம், வேகமாகப் படிப்பது. 81 எழுத்தை 8 வினாடியில் அடைத்தால் வினாடிக்குப் பத்து. கிரிக்கெட் வருணனையாளரின் சூடான கணத்துக்கு அது பொருந்தலாம். இங்கே அது இருவகையில் தோற்கிறது. தமிழ் நீட்டலிலும் இரட்டிப்பிலும் பொருளை வைத்திருக்கும் மொழி. ‘படம்’ என்பதற்கும் ‘பாடம்’ என்பதற்கும், ‘எடு’ என்பதற்கும் ‘எட்டு’ என்பதற்கும் இடையே முதன்மையாக இருப்பது கால அளவுதான். மனிதக் குரல் விரையும்போது முதலில் தேய்வது அந்த நெடிலும் இரட்டிப்பும். மென்பொருளில் ஒலியைச் சுருக்கினால் விகிதம் மாறாது என்பது உண்மை. ஆனால் மூச்சும் இடைவெளியும் சேர்ந்து சுருங்குவதால் வாக்கியம் எங்கே முடிந்தது என்பது தெரியாமல் போகிறது. இரண்டாவது, கேட்பவர் யார் என்பது. இன்று அந்தப் பட்டறைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தமிழைக் காதால் மட்டும் கற்றவர் பலர். அவர்களுக்கு அந்த வேகம் வெறும் இரைச்சல். வேகத்தை ஒரு தீர்வாகவே நான் எண்ணவில்லை. எழுத்தாளர் செய்யத் தவறியதைக் குரலின் தலையில் கட்டுவது அது.

இனி, மொழியின் பங்கு என்ன? 2019-இல் லியோன் நகர ஆய்வாளர்கள் 17 மொழிகளின் பேச்சை அளந்து ஒரு முடிவைச் சொன்னார்கள். ஓர் அசையில் குறைந்த செய்தியை ஏற்றும் மொழிகள் வேகமாகப் பேசப்படுகின்றன, நிறைய ஏற்றுபவை மெதுவாகப் பேசப்படுகின்றன. ஆகவே வினாடிக்குச் சென்று சேரும் செய்தி எல்லா மொழியிலும் ஏறத்தாழ ஒன்று, 39 பிட். அந்தப் பதினேழில் தமிழ் இல்லை. அதனால் இதைத் தமிழுக்கு நிறுவப்பட்ட உண்மையாகக் கொள்ள முடியாது. ஆனால் நீளும் மொழி என்று ஒரு மொழியைக் கைகாட்டிவிட்டு நகர முடியாது என்ற எச்சரிக்கையாகக் கொள்ளலாம். கோயம்பேடு பேருந்தில் இருவர் பேசிக்கொள்ளும்போது தமிழ் யாருக்கும் நீளமாகத் தெரிவதில்லை. விவரணையில் மட்டும் ஏன் நீள்கிறது?

மாதிரியை மீண்டும் பார்க்கலாம். ‘அடைப்பினை அகற்றும் பணியினை மேற்கொள்வதற்கு முன்பாக’ என்பதில் செயல் ஒன்றே: எடுப்பது. அதைப் பணியாக்கி, பணியை மேற்கொள்ளவைத்து, மேற்கொள்வதற்கு ஒரு முன்பு கொடுத்திருக்கிறார்கள். ‘நிறுத்தப்பட்டு, பூட்டப்பட்டு, பொருத்தப்பட’ என்னும் செயப்பாட்டுத் தொடரில் செய்பவரே காணாமல் போகிறார். பாதுகாப்புப் படத்தில் இருந்தாக வேண்டிய ஒரே ஆள் அவர்தான். இவை தமிழின் தேவைகளல்ல. அரசாணையும் அறிக்கையும் பழக்கிய நடை. வானொலிச் செய்திக்கும் இதில் பங்குண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் மேலே மதிப்போடு குறித்த அந்தப் பள்ளி, உச்சரிப்புக்கும் மூச்சுக் கட்டுப்பாட்டுக்கும் தமிழ் காதில் கேட்ட உயர்ந்த முன்மாதிரிகளைத் தந்தது. ‘மேற்கொள்ளப்பட்டு வருகின்றன’ என்பதை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதுவே. அந்தக் குரல்கள் சுமையை அழகாகச் சுமந்தன. அதனால் சுமை இருப்பதே நமக்குத் தெரியாமல் போயிற்று.

அந்த நடையை நீக்கி எழுதிப் பார்க்கிறேன்:

‘சிக்கியதை எடுக்கும் முன் பிரஸ்ஸை நிறுத்துங்கள். மெயினைப் பூட்டி, உங்கள் டேக்கை மாட்டுங்கள். சாவி உங்கள் கையில் இருக்கட்டும்.’

14 சொல், 37 எழுத்து. ஏழு வினாடிக்குள் குரல் முடிகிறது. வாக்கியங்களுக்கு இடையே மூச்சுவிட மீதி ஒரு வினாடி. ‘நிறுத்துங்கள்’ 15-ஆவது எழுத்தில், மூன்றாவது வினாடிக்குள் விழுகிறது. மூலம் சொன்ன செய்தி ஒன்றுகூடக் குறையவில்லை. 81-லிருந்து 37-ஆகக் குறைந்ததில் போன 44 எழுத்தும் மொழியின் செலவல்ல, நடையின் செலவு. தமிழ் நீளும் என்ற கூற்றின் பெரும்பகுதி இந்த மாதிரியில் இங்கே கரைகிறது.

இந்தத் திருத்தத்துக்கும் குறைகள் உண்டு. ‘சிக்கியது’ என்பது ‘அடைப்பு’ அளவுக்குத் திட்டமானதன்று. திரையில் தகடு சிக்கியிருப்பது தெரிவதால்தான் அது செல்லும். டேக்கில் பெயர் எழுதியிருக்க வேண்டும் என்பதையும் நான் காட்சியிடம் விட்டுவிட்டேன். காட்சியில் பெயர் படிக்கும்படி தெரியாவிட்டால் அந்த விடுகை தவறு. ஆகவே விதியை இப்படித்தான் சொல்ல முடியும்: கண் பார்த்துவிட்டதைக் குரல் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, கண்ணுக்குத் தெரியாததை ஒருபோதும் வெட்டக்கூடாது. நிறுத்திய பிறகும் பூட்ட வேண்டியதன் காரணம், அதாவது வேறொருவர் வந்து போட்டுவிடலாம் என்பது, கண்ணுக்குத் தெரியாதது. மூலத்தில் அந்தக் காரணம் இல்லை. மீந்த ஒரு வினாடியில் அதைச் சொல்லவும் இடமில்லை. அது மூலத்தின் குறை; மொழிபெயர்ப்பாளர் அதைச் சுட்டிக்காட்டலாம், சுமக்க முடியாது.

‘அப்படியானால் பேச்சுத் தமிழிலேயே எழுதிவிடலாமே’ என்று ஒரு தரப்பு உடனே வரும். அதை எழுத்துக்கணக்கில் வைத்துப் பார்ப்பது நல்லது. ‘நிறுத்துங்கள்’ என்பதை ‘நிறுத்துங்க’ ஆக்கினால் போவது ஓர் ஒற்று. எண்ணிக்கை நான்கு நான்காகவே நிற்கிறது. ‘நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள்’ ஒன்பது எழுத்து, பேச்சில் ‘நிறுத்திட்டிருக்காங்க’ ஏழு. மிச்சம்தான். ஆனால் நேர் எழுத்து வழக்கான ‘நிறுத்துகிறார்கள்’ ஆறுதான். பேச்சு வழக்குக்கு மாறுவதில் கிடைக்கும் மிச்சத்தைவிடத் துணைவினையை நீக்குவதில் கிடைக்கும் மிச்சம் அதிகம். பேச்சுத் தமிழை நெருக்கத்துக்காக ஒருவர் தேர்ந்தெடுக்கலாம், அது நியாயமான தேர்வு. நேரத்துக்காக என்று சொன்னால் வாதம் நிற்காது. வேற்றூரிலிருந்து வந்தவர் அம்பத்தூர்ப் பேச்சைவிட எழுத்துத் தமிழின் தெளிவான வினைமுற்றை எளிதாகப் பிடித்துக்கொள்ளவும் கூடும்.

கலைச்சொல் சண்டையிலும் இதே கணக்கு உதவும். ‘இயந்திரம்’ நான்கு, ‘மெஷின்’ இரண்டு. ‘பிரதான மின் இணைப்பு’ எட்டு, ‘மெயின்’ இரண்டு. ஆனால் ‘விசை’யும் ‘சுவிட்ச்’சும் இரண்டு இரண்டுதான். தனித்தமிழ் எப்போதும் நீளும் என்பதும் கடன்சொல் எப்போதும் சிக்கனம் என்பதும் ஒரே அளவு மேலோட்டமானவை. பட்டறையில் கையாள்பவர் அதை எப்படிக் கூப்பிடுகிறார் என்பது முதல் கேள்வி, எழுத்தெண்ணிக்கை இரண்டாவது. இரண்டும் மோதினால் முதலாவதே வெல்ல வேண்டும்.

இதுவரை தமிழின் பக்கம் நின்று வாதாடினேன். தமிழுக்கு உண்மையிலேயே கடன் ஏறும் இடங்களும் உண்டு, அவற்றை மறைத்தால் தீர்ப்பு நேர்மையாகாது. முதலாவது எண். 1947 என்பது ஆங்கிலத்தில் ஆறு அசை; ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு’ பதின்மூன்று எழுத்து. 250 டன் பிரஸ் என்றால் ‘இருநூற்றைம்பது’ ஆறு, ஆங்கிலத்தில் ‘டூ ஃபிஃப்டி’ மூன்று. பட்டறையில் எண்ணை ஆங்கிலத்திலேயே சொல்வதற்குக் கௌரவம் மட்டும் காரணமில்லை. இரண்டாவது நிறுவனப் பெயர். ‘தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்’ என்று முழுதாகச் சொன்னால் 18 எழுத்து, மூன்று வினாடிக்கு மேல். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வருவது ‘டிஷ்’ என்னும் ஓரசைச் சொல். தமிழில் அலுவலகப் பெயர்களுக்கு முதலெழுத்துச் சுருக்கம் வேரூன்றவில்லை. அவற்றைச் சூட்டியவர்கள் வாயால் சொல்லிப் பார்த்துச் சூட்டவில்லை. இந்த இரண்டிலும் எழுத்தாளரால் செய்யக்கூடியது குறைவு. எண்ணையும் பெயரையும் திரையில் எழுத்தாகக் காட்டிவிட்டு, குரலில் ‘இந்த அளவு’, ‘இந்த அலுவலகம்’ என்று சுட்டுவது ஒரு வழி. கேட்டே ஆக வேண்டிய எண் என்றால் காட்சியை நீட்டுமாறு தொகுப்பாளரிடம் கேட்பதுதான் வழி. அந்தக் கோரிக்கைக்கு உரிமை வேண்டுமானால், மற்ற இடங்களில் தன் நடையால் ஒரு வினாடியையும் வீணாக்கவில்லை என்று எழுத்தாளர் காட்டியிருக்க வேண்டும்.

சிக்கனத்தையே ஒரே விழுமியமாக்கும் ஆபத்தும் இருக்கிறது. ஆவடி ரயில் நிலையத்தில் கேட்கும் ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ பதினான்கு எழுத்து, இரண்டரை வினாடி, செய்தி சூனியம். என் கணக்குப்படி வெட்ட வேண்டியது. ஆனால் மின்வண்டி இரைச்சலில், பேச்சின் நடுவில் இருப்பவரின் காதைத் திருப்புவதற்கு அந்த இரண்டரை வினாடி தேவை. பழகிய ராகமாகிவிட்டதால் அது சொல்லாகக்கூடக் கேட்பதில்லை, மணியாகக் கேட்கிறது. அதை நான் வெட்டமாட்டேன். இரைச்சலான நடைமேடைக்கு இது சரி. பாதுகாப்புப் படம் ஓடுவது மூடிய அறையில், பார்ப்பவர் ஏற்கெனவே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே ‘அன்பார்ந்த தொழிலாளத் தோழர்களே’ என்று தொடங்குவது மணியுமில்லை, செய்தியுமில்லை.

ஆக, என் தீர்ப்பு இது. வேகத்தால் ஈடுகட்டும் முறையை முற்றாகத் தள்ளுகிறேன். செய்தியை வெட்டும் முறையைக் காட்சி ஏற்றுக்கொண்ட அளவுக்கு மட்டும் ஏற்கிறேன். வினையை வினையாக விட்டு, செய்பவரை முன்னிலையில் நிறுத்தி, துணைவினையைக் களைந்து எழுதும் முறையே இன்று கையில் இருப்பவற்றுள் தேர்ச்சி பெற்றது. 90 வினாடிப் படத்தில் இசைக்கும் மூச்சுக்கும் 15 வினாடி போக, குரலுக்கு 75 வினாடி. அதாவது 400 சொச்சம் எழுத்து. மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதியைக் கொடுக்கும்போது இந்த எண்ணையும், காட்சிவாரியாக அதன் பங்கீட்டையும், ஒவ்வொரு வினையும் எந்த வினாடிக்குள் விழ வேண்டும் என்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இப்போது கிடைப்பது பெரும்பாலும் பிரதி மட்டும். அதை வைத்துக்கொண்டு அவர் எழுதிய தமிழ் நீண்டுவிட்டது என்று குறை சொல்பவர், எத்தனை வினாடி என்று அவரிடம் முதலில் சொன்னாரா என்பதையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.